பாவம், மனந்திரும்புதல், மன்னிப்பு: கிறிஸ்தவமும் இஸ்லாமும் சொல்வது என்ன? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இங்கே இஸ்லாம் என்று வரும் இடங்களில் பெரும்பாலும் சுன்னி மரபைச் சொல்கிறேன். கிறிஸ்தவத்தில் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் வேறுபடும் இடங்களைத் தனியாகக் குறிப்பிட்டிருக்கிறேன். கடவுளுக்கும் மனிதனுக்கும் இடையிலான பாவத்தைவிட, ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்குச் செய்த தீங்கைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன். இரண்டு மதங்களும் எங்கே ஒன்றுசேர்கின்றன, எங்கே உண்மையாகவே பிரிகின்றன என்பது அங்கேதான் தெளிவாகத் தெரிகிறது.

ஆதாம் ஏவாள் கதை ரெண்டு மதத்துலயும் இருக்கே. அப்புறம் ஏன் பாவத்தைப் பத்தி வேற வேற மாதிரி சொல்றாங்க?

கதையின் முடிவு வேறு. ஆதியாகமத்தின் 3-ஆம் அதிகாரத்தில், விலக்கப்பட்ட கனியைச் சாப்பிட்ட பிறகு ஆதாம் ஏவாளைக் காட்டுகிறான், ஏவாள் பாம்பைக் காட்டுகிறாள். இருவரும் தோட்டத்திலிருந்து வெளியேற்றப்படுகிறார்கள். அவர்கள் மன்னிப்புக் கேட்டதாகவோ, அது கிடைத்ததாகவோ அந்த அதிகாரத்தில் ஒரு வரியும் இல்லை. குர்ஆனில் இருவரும் சேர்ந்தே கேட்கிறார்கள்: எங்களுக்கு நாங்களே தீங்கு செய்துகொண்டோம், நீ மன்னித்து அருள் செய்யாவிட்டால் நாங்கள் நஷ்டப்பட்டவர்களாகிவிடுவோம் (7:23). அல்லாஹ் அவர்களுடைய தவ்பாவை, அதாவது மனந்திரும்புதலை, ஏற்றுக்கொண்டதாக 2:37 சொல்கிறது. அவர்கள் பூமிக்கு அனுப்பப்பட்டார்கள்தான், ஆனால் தீராத பாவம் எதையும் சுமந்துகொண்டு வரவில்லை.

இந்த வேறுபாட்டிலிருந்துதான் மற்றவை கிளைக்கின்றன. ஒரே மனிதனால் பாவமும், பாவத்தால் மரணமும் உலகத்துக்குள் வந்தன என்று பவுல் எழுதினார் (ரோமர் 5:12). அதை அடிப்படையாக வைத்து 5-ஆம் நூற்றாண்டில் புனித அகுஸ்தீன் ஜென்மப் பாவக் கொள்கையை விரித்தார். ஆதாமின் வீழ்ச்சியில் மனித இயல்பே சேதமடைந்துவிட்டது, பிறக்கும் குழந்தையும் அந்த நிலையில்தான் பிறக்கிறது என்பது மேற்கத்தியத் திருச்சபைகளின் போதனையாக நிலைத்தது. கீழைத் திருச்சபைகள் கொஞ்சம் விலகி, ஆதாமின் குற்றம் நமக்கு வரவில்லை, அதன் விளைவான மரணமும் பலவீனமும்தான் வந்தன என்கின்றன.

இஸ்லாத்தில் ஒவ்வொரு குழந்தையும் தூய இயல்பில் பிறக்கிறது. ஒருவரின் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார் (6:164). தகப்பனுடைய அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்று விவிலியத்திலேயே எசேக்கியேல் 18:20 சொல்கிறதே என்று முஸ்லிம் நண்பர்கள் கேட்பார்கள். அது தனித்தனிச் செயல்களுக்கான பொறுப்பைப் பற்றியது, இயல்பின் சேதத்தைப் பற்றியது அல்ல என்பது கிறிஸ்தவர்களின் பதில்.

மனிதன் பலவீனமானவன் என்பதில் இருவருக்கும் சண்டையே இல்லை. மனித உள்ளம் தீமையைத் தூண்டக்கூடியது என்று குர்ஆன் சொல்கிறது (12:53). நான் விரும்பாத தீமையையே செய்கிறேன் என்று பவுல் புலம்புகிறார் (ரோமர் 7:19). இந்தப் பலவீனத்தோடு மனிதன் தானே இறைவனிடம் திரும்பி வந்துவிட முடியுமா, இல்லை அவனை மீட்க ஒருவர் வர வேண்டுமா என்ற கேள்வியில்தான் பாதைகள் பிரிகின்றன.

கிறிஸ்தவத்துல மன்னிப்பு இலவசம், இஸ்லாத்துல நன்மை செஞ்சு சம்பாதிக்கணும்னு எங்க சபையில சொல்றாங்க. சரியா?

இல்லை. இரண்டு பக்கத்துக்கும் இது நியாயம் செய்யாத பேச்சு. உங்களில் யாரையும் அவருடைய செயல் சொர்க்கத்தில் சேர்க்காது என்று நபிகள் நாயகம் (ஸல்) சொன்னபோது, தோழர்கள் “உங்களையுமா?” என்று கேட்டார்கள். “என்னையும்தான், அல்லாஹ் தன் அருளால் என்னைச் சூழ்ந்துகொண்டாலே தவிர” என்பது பதில். நபிமொழித் தொகுப்புகளான புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கும் ஹதீஸ் இது. அந்தப் பக்கம், செயல் இல்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபு எழுதியது கிறிஸ்தவ வேதத்திலேயே இருக்கிறது (2:17).

மன்னிப்பு இறையருளால் வருகிறது என்பதை இருவரும் சொல்கிறார்கள். அந்த அருள் எதன்மேல் நிற்கிறது என்பதில்தான் வேறுபாடு. கிறிஸ்தவத்தில் அது இயேசுவின் சிலுவை மரணத்தின்மேல் நிற்கிறது. கடவுள் பாவத்தைக் கண்டும் காணாதவர்போல் விட்டுவிடவில்லை, அதன் விலையைத் தாமே ஏற்றுக்கொண்டார் என்பதுதான் அங்கே நற்செய்தி. இஸ்லாத்தில் அல்லாஹ் மன்னிப்பதற்கு யாருடைய பலியும் தேவையில்லை. அவன் நாடினால் மன்னிக்கிறான், அது அவனுடைய இயல்பு. அதோடு, முஸ்லிம்கள் ஈசா நபி என்று அழைக்கும் இயேசு சிலுவையில் கொல்லப்படவே இல்லை என்றும் குர்ஆன் சொல்கிறது (4:157). இந்த ஓர் இடத்தில் சமரசத்துக்கு வழி தெரியவில்லை. இருப்பதாகக் காட்டுவது இருவரையும் அவமதிப்பது என்றே நினைக்கிறேன்.

தவ்பா செய்யறதுன்னா என்ன செய்யணும்? அஸ்தஃபிருல்லாஹ் சொன்னா போதுமா?

அல்லாஹ்விடம் மன்னிப்புத் தேடுகிறேன் என்று வாயால் சொல்வது ஆரம்பம். 13-ஆம் நூற்றாண்டின் இமாம் நவவி தொகுத்துச் சொன்ன நிபந்தனைகளைத்தான் இன்றும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ பயான் உரைகளில் கேட்கிறோம். அந்தப் பாவத்தை விட்டுவிட வேண்டும். செய்ததற்காக உள்ளபடியே வருந்த வேண்டும். இனிமேல் அதற்குத் திரும்புவதில்லை என்று உறுதி கொள்ள வேண்டும். தொழுகையை விட்டது, மது அருந்தியது போல அல்லாஹ்வுக்கும் அடியானுக்கும் இடையிலான பாவத்துக்கு இந்த மூன்றும் போதும். விட்ட தொழுகையைப் பின்னர் களாவாக ஈடுசெய்து தொழுவது தனிக் கடமை. இடையில் மார்க்க அறிஞரான ஆலிமோ, தொழுகை நடத்தும் இமாமோ தேவையில்லை, யாரிடமும் போய்ச் சொல்லவும் வேண்டாம்.

இன்னொரு மனிதரின் உரிமை சம்பந்தப்பட்டிருந்தால் நான்காவது நிபந்தனை சேருகிறது. அந்த உரிமையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது உரியவர் விட்டுக்கொடுக்க வேண்டும். இந்த நான்காவது இல்லாமல் மற்ற மூன்றையும் ஆயுள் முழுக்கச் செய்தாலும் கணக்கு முடியாது.

கத்தோலிக்கர்கள் ஏன் சாமியார்கிட்ட போய் பாவத்தைச் சொல்றாங்க? மன்னிக்கிறது கடவுள்தானே?

கடவுள்தான் மன்னிக்கிறார் என்பதே கத்தோலிக்கப் போதனையும். உயிர்த்த இயேசு சீடர்களிடம், எவர்களுடைய பாவங்களை மன்னிப்பீர்களோ அவை மன்னிக்கப்படும் என்று சொன்னதை (யோவான் 20:23) அவர்கள் திருச்சபைக்குக் கொடுக்கப்பட்ட பணியாகப் புரிந்துகொள்கிறார்கள். குரு அங்கே கிறிஸ்துவின் பெயரால் அமர்ந்திருக்கிறார். ஆண்டுக்கு ஒரு முறையாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தது.

ஞானோபதேச வகுப்புக்குப் போனவர்களுக்கு முறை தெரிந்திருக்கும். முதலில் ஆத்தும சோதனை செய்து பாவங்களை நினைவுக்குக் கொண்டுவருவது, மனஸ்தாபப்படுவது, இனிச் செய்வதில்லை என்று பிரதிக்கினை செய்வது, குருவிடம் சொல்வது, அவர் அபராதமாகச் சொல்லும் செபம் போன்ற பரிகாரத்தை நிறைவேற்றுவது. குருவிடம் சொல்வதையும் அபராதத்தையும் எடுத்துவிட்டுப் பாருங்கள், தவ்பாவின் நிபந்தனைகள் அப்படியே நிற்கின்றன. கேட்டதைக் குரு எந்தச் சூழ்நிலையிலும் வெளியே சொல்லக் கூடாது. நேரடியாக மீறினால் அவர் திருச்சபையின் உறவிலிருந்தே விலக்கப்படுவார்.

புராட்டஸ்டண்டுகள் இந்த இடையாளை ஏற்பதில்லை. நம் பாவங்களை அறிக்கையிட்டால் அவர் மன்னிப்பார் (1 யோவான் 1:9) என்பதை நேரடியாகக் கடவுளிடம் சொல்வதாகவே எடுத்துக்கொள்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் கத்தோலிக்கரைவிட முஸ்லிம்களுக்கு அருகில் நிற்கிறார்கள் என்பது பலருக்கும் தோன்றாத விஷயம்.

அப்பா இறந்தப்போ, அவருக்கு நிறைய கடன் இருக்குன்னு பொய் சொல்லி அக்காகிட்ட விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிட்டேன். 15 வருஷம் ஆச்சு. தினமும் கடவுள்கிட்ட மன்னிப்புக் கேட்கிறேன். அது போதாதா?

போதாது. இரண்டு மதமும் இதில் ஒரே குரலில் பேசுகின்றன. எப்படி என்பதை விவரமாகவே பார்ப்போம். அம்மாவும் தாத்தா பாட்டியும் முன்பே காலமாகிவிட்டார்கள், வாரிசுகள் நீங்களும் அக்காவும் மட்டும்தான், சொத்தின் இன்றைய மதிப்பு 30 லட்சம் என்று வைத்துக்கொள்வோம்.

நீங்கள் முஸ்லிம் என்றால், ஆணுக்கு இரண்டு பெண்களின் பங்கு என்ற 4:11 வசனத்தின்படி அக்காவின் பங்கு மூன்றில் ஒன்று, அதாவது 10 லட்சம். அப்பா இறந்த நொடியிலேயே அது அவருடைய சொத்து. நீங்கள் கொடுத்தால்தான் அவருடையது ஆகும் என்று நினைக்காதீர்கள். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாரே என்ற வாதம் நிற்காது. பொய்யை நம்பி விட்டுக்கொடுத்தது மனம் ஒப்பி விட்டுக்கொடுத்ததாகாது. நிலமோ வீடோ இன்னும் உங்கள் கையில் இருந்தால் அன்றைய விலையைக் கொடுத்துத் தப்பிக்க முடியாது. அந்தச் சொத்திலேயே அவருடைய பங்கைத் திருப்பித் தர வேண்டும், அல்லது அவர் சம்மதிக்கும் இன்றைய மதிப்பைத் தர வேண்டும். ஷாஃபி மத்ஹப் என்ற சட்ட மரபில் இத்தனை வருடம் அனுபவித்ததற்கான வாடகையும் சேரும்.

ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர்கள் நம்மூரில் வீடு வீடாகப் போய், தெரிந்தும் தெரியாமலும் செய்த தவறுகளை மன்னித்துவிடுங்கள் என்று கேட்பது நல்ல வழக்கம். ஆனால் அக்காவும் அந்த வாசலில் நின்று கண்ணீரோடு மன்னிச்சுட்டேன் என்று சொன்னதால் இந்த 10 லட்சம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். எதை மன்னிக்கிறோம் என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

நீங்கள் கிறிஸ்தவர் என்றால், இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. ஆகவே 15 லட்சம் அக்காவுடையது. பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னால் குரு முதலில் கேட்பது, திருப்பிக் கொடுக்கத் தயாரா என்பதாகத்தான் இருக்க வேண்டும். கொடுக்க முடிந்தும் கொடுக்காமல் வைத்துக்கொண்டே வருந்துகிறேன் என்பவரின் மனஸ்தாபம் உண்மையானதல்ல, எடுத்ததைத் திருப்பித் தராவிட்டால் பாவம் மன்னிக்கப்படுவதில்லை என்று அகுஸ்தீன் மக்கெதோனியுஸ் என்ற அதிகாரிக்கு எழுதிய கடிதத்திலேயே சொல்லிவிட்டார். அபராதமாகச் சொல்லச் சொன்ன செபங்கள் இந்தக் கடனுக்கு ஈடாகாது.

புராட்டஸ்டண்ட் போதகர், மன்னிப்பு கிறிஸ்துவின்மேல் வைத்த விசுவாசத்தால் மட்டுமே என்று தொடங்குவார். ஆனால் நேர்மையானவர் அங்கே நிறுத்த மாட்டார், உங்களை சகேயுவிடம் கூட்டிக்கொண்டு போவார். எரிகோவின் அந்த வரி வசூலிப்பாளர், சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தருகிறேன், யாரையாவது ஏமாற்றியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று சொன்ன பிறகுதான் இயேசு, இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்றார் (லூக்கா 19). மோசேயின் சட்டம் பொய் சொல்லி எடுத்ததோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது (லேவியராகமம் 6). சகேயு அதையும் தாண்டிப் போனார். பலிபீடத்தில் காணிக்கை வைக்க வந்தவன் சகோதரனுக்குத் தன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாக வேண்டும் என்பதும் இயேசு சொன்னதுதான் (மத்தேயு 5:23-24).

உண்மையைச் சொன்னால் குடும்பம் உடைந்துவிடும் என்று பயந்தால், பணத்தையாவது வேறொருவர் மூலமாகப் பெயர் சொல்லாமல் சேர்த்துவிட இரண்டு மரபிலும் அனுமதி உண்டு. உங்கள் விஷயத்தில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். வீடே கைமாறிய இடத்தில் பெயரில்லாத கவர் எதையும் தீர்க்காது. பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போகத்தான் வேண்டும்.

அக்கா இறந்துட்டா?

அவருடைய வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டும். வாரிசு யாரென்றே கண்டுபிடிக்க முடியாவிட்டால் ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும். முஸ்லிம் என்றால் அவர் பெயரால் தர்மமாக. ஆலிமைக் கேட்டாலும் கத்தோலிக்கக் குருவைக் கேட்டாலும் வரிசை மாறாமல் இதே பதில் வரும்.

கொடுக்க என்கிட்ட எதுவும் இல்லைன்னா? கொடுக்காமலே செத்துட்டா?

இங்கேதான் உண்மையான பிரிவு வருகிறது.

இஸ்லாத்தில் அந்தக் கடன் மறுமைக்குக் கூடவே வருகிறது. திவாலானவன் யார் தெரியுமா என்று நபிகள் (ஸல்) ஒரு முறை கேட்டார்கள். காசு பணம் இல்லாதவன் என்றார்கள் தோழர்கள். அப்படியல்ல, தொழுகையோடும் நோன்போடும் ஜகாத்தோடும் மறுமைக்கு வருவான், ஆனால் ஒருவரைத் திட்டியிருப்பான், ஒருவர்மேல் அவதூறு சொல்லியிருப்பான், ஒருவர் சொத்தைத் தின்றிருப்பான், ஒருவரை அடித்திருப்பான். அவனுடைய நன்மைகள் அவர்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கப்படும், நன்மைகள் தீர்ந்துவிட்டால் அவர்களுடைய பாவங்கள் இவன்மேல் போடப்படும், பிறகு நரகத்தில் எறியப்படுவான் என்று விளக்கினார்கள் (முஸ்லிம்). அல்லாஹ்வின் பாதையில் உயிர் கொடுத்த தியாகிக்குக்கூட எல்லாம் மன்னிக்கப்படும், கடனைத் தவிர. மூன்று தீனார் கடனை அடைக்க ஒன்றும் விட்டுச் செல்லாமல் இறந்த ஒருவருக்கு நபிகள் (ஸல்) தாமே தொழுகை நடத்தாமல் தயங்கி நின்றார்கள். நான் அடைக்கிறேன் என்று அபூ கதாதா ஏற்றுக்கொண்ட பிறகே நடத்தினார்கள். நம் ஊர்களில் இறந்தவருக்கான ஜனாஸா தொழுகைக்கு முன்னால், இவர் யாருக்காவது கொடுக்க வேண்டியிருந்தால் எங்களிடம் கேளுங்கள் என்று குடும்பத்தார் அறிவிப்பது இதனால்தான். உண்மையிலேயே கொடுக்க வழியில்லாமல், கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு இறந்தவருக்கு நம்பிக்கை உண்டு. உரியவரை அல்லாஹ் தன் தரப்பிலிருந்து திருப்திப்படுத்துவான் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள்.

கிறிஸ்தவத்தில் இப்படி நபருக்கு நபர் மறுமைக் கணக்கு இல்லை. ஒருவருக்குச் செய்த தீங்கும் அடிப்படையில் கடவுளுக்கு எதிரானதுதான். உரியாவைக் கொல்வித்துப் பத்சேபாளை எடுத்துக்கொண்ட தாவீது, உமக்கு ஒருவருக்கே விரோதமாகப் பாவம் செய்தேன் என்று 51-ஆம் சங்கீதத்தில் சொல்வதை அப்படித்தான் வாசிக்கிறார்கள். (தாவூத் நபியைப் பற்றிய அந்தக் கதையை இஸ்லாமிய அறிஞர்கள் ஏற்பதில்லை.) உண்மையாக மனந்திரும்பி, கொடுக்க முடியாமலேயே இறந்தவனின் கடனும் சிலுவையில் சுமக்கப்பட்ட கடன்தான். கத்தோலிக்கர்கள் மட்டும், மன்னிப்புப் பெற்ற பிறகும் தீராத சுத்திகரிப்பு உத்தரிக்கும் ஸ்தலத்தில் நடக்கிறது என்பார்கள்.

ஒரு முஸ்லிம் இங்கே கேட்பார்: எனக்கு வர வேண்டியதை என்னைக் கேட்காமல் மூன்றாமவர் எப்படித் தள்ளுபடி செய்ய முடியும்? கிறிஸ்தவர் திருப்பிக் கேட்பார்: கடவுளின் மன்னிப்பு ஒரு மனிதனின் சம்மதத்துக்காகக் காத்திருக்குமா? இரண்டுமே கனமான கேள்விகள். பாதிக்கப்பட்டவருக்கு இஸ்லாம் தரும் இடம் எனக்கு மிகவும் பிடித்தது. பல கிறிஸ்தவப் பிரசங்கங்களில் பாவி கண்ணீர் விடுகிறார், மன்னிப்புப் பெறுகிறார், பாட்டுப் பாடுகிறார்கள். அக்கா எங்கே என்று யாரும் கேட்பதில்லை. இது கிறிஸ்தவப் போதனையின் குறை அல்ல, அதைப் பாதியில் நிறுத்துவதன் குறை.

பணம் காசு இல்லை. ஒருத்தரைப் பத்தி இல்லாததையும் பொல்லாததையும் பேசிட்டேன். அவர்கிட்ட போய்ச் சொல்லணுமா?

அவருக்கு விஷயம் ஏற்கெனவே தெரிந்திருந்தால் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். தெரியாவிட்டால் முஸ்லிம் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கேட்டே ஆக வேண்டும் என்பவர்கள் உண்டு. போய்ச் சொல்வது புதுப் புண்ணை உண்டாக்கும் என்றால் சொல்லாமல், அவருக்காக துஆ செய்து, எந்தக் கூட்டத்தில் இழித்துப் பேசினோமோ அதே கூட்டத்தில் அவருடைய நல்லதைப் பேச வேண்டும் என்று இப்னு தைமிய்யாவும் அவருடைய மாணவர் இப்னுல் கய்யிமும் சொன்னார்கள். கத்தோலிக்கப் போதனையும் கெடுத்த பெயரை மீட்டுக் கொடுப்பதை ஈடுசெய்யும் கடமைகளில் ஒன்றாகவே வைக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் பரப்பியதை அதே குழுவில் திருத்துவதுதான் இன்று இதன் பொருள். தனியாக அழைத்து சாரி சொல்லிவிட்டுக் குழுவில் மௌனமாக இருந்தால் எதுவும் சரியாகாது.

பாவம் செஞ்சது நான் இல்லை, எனக்குத்தான் செஞ்சாங்க. நான் மன்னிச்சே ஆகணுமா?

முஸ்லிமுக்குக் கட்டாயமில்லை, ஆனால் மன்னிப்பது மேலானது. தீமைக்குக் கூலி அதைப் போன்ற தீமையே, ஆனால் மன்னித்துச் சமாதானம் செய்பவருக்கான கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது என்கிறது 42:40. அடுத்த வசனமே, அநீதி இழைக்கப்பட்டவர் தன் உரிமையைக் கேட்டால் அவர்மேல் குற்றமில்லை என்கிறது. உரிமையும் சிறப்பும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன.

அந்தச் சிறப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அபூபக்கர் (ரலி) அவர்களின் சம்பவம் இருக்கிறது. அவர்களுடைய மகள் ஆயிஷா (ரலி) மீது அவதூறு பரவியபோது, அதில் சேர்ந்தவர்களில் ஒருவர் மிஸ்தஹ். அபூபக்கரின் சொந்தக்காரர், அவர் கொடுத்த உதவியில்தான் வாழ்ந்தவர். இனி இவனுக்கு ஒன்றும் கொடுக்க மாட்டேன் என்று அபூபக்கர் சத்தியம் செய்தார். அப்போது இறங்கியது 24:22: அவர்கள் மன்னித்துப் பொருட்படுத்தாமல் விடட்டும், அல்லாஹ் உங்களை மன்னிப்பதை நீங்கள் விரும்ப மாட்டீர்களா? ஆம், விரும்புகிறேன் என்று சொல்லி அபூபக்கர் உதவியைத் திரும்பத் தொடங்கினார்.

கிறிஸ்தவருக்கு இது கட்டளை. நீங்கள் மனிதரை மன்னிக்காவிட்டால் பிதாவும் உங்களை மன்னிக்க மாட்டார் (மத்தேயு 6:15). பத்தாயிரம் தாலந்து தள்ளுபடி பெற்ற வேலைக்காரன் நூறு தெனாரியத்துக்காக உடன்வேலைக்காரனின் கழுத்தைப் பிடித்த உவமையும் (மத்தேயு 18) இதைத்தான் சொல்கிறது. கேட்கும்போதே பாரமாக இருக்கும் போதனை. இதைத் தவறாகப் பயன்படுத்துகிறவர்களும் நிறையப் பேர். அடிக்கிற கணவனிடம் மன்னித்துத் திரும்பிப் போ என்று ஒரு பெண்ணிடம் சொல்வதற்கு இந்த வசனத்தை எடுக்கிறார்கள். அது அநியாயம். உன் சகோதரன் குற்றம் செய்தால் அவனைக் கடிந்துகொள், அவன் மனந்திரும்பினால் மன்னி என்று லூக்கா 17:3 வரிசைப்படுத்துகிறது. மன்னிப்பது என்பது பழிவாங்கும் எண்ணத்தை விடுவது. போலீசுக்குப் போகும் உரிமையையோ பாதுகாப்பாகத் தனியே வாழும் உரிமையையோ விடுவதல்ல. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் கணவர் கிரகாம் ஸ்டெயின்சும் இரண்டு மகன்களும் எரித்துக் கொல்லப்பட்ட பிறகு, கொலையாளிகளை மன்னித்துவிட்டதாக கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் சொன்னார். வழக்கு அதன் பாட்டுக்கு நடந்தது. முதன்மைக் குற்றவாளி தாரா சிங்கின் ஆயுள் தண்டனையை 2011-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரணில்லை.

எங்க சபையில சாட்சி சொல்லும்போது பழைய பாவத்தையெல்லாம் மைக்ல சொல்றாங்க. முஸ்லிம் நண்பன் அதைக் கேட்டு அதிர்ச்சியாயிட்டான். ஏன்?

இஸ்லாத்தில் அல்லாஹ் மறைத்த பாவத்தைத் தானே வெளிப்படுத்துவது இன்னொரு பாவம். இரவில் ஒன்றைச் செய்து, அல்லாஹ் அதை மறைத்திருக்க, காலையில் நேற்று இப்படிச் செய்தேன் என்று சொல்லித் திரிபவரைத் தவிர என் சமுதாயத்தார் எல்லாருக்கும் மன்னிப்பு உண்டு என்பது ஹதீஸ் (புகாரி, முஸ்லிம்). விபச்சாரம் செய்துவிட்டேன் என்று மாயிஸ் என்பவர் வந்து சொன்னபோது நபிகள் (ஸல்) முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார்கள்.

கிறிஸ்தவ சாட்சியின் நோக்கம் பெருமையடிப்பது அல்ல. இப்படிப்பட்டவனையே கடவுள் ஏற்றுக்கொண்டார் என்று காட்டுவது. ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிடுங்கள் என்ற யாக்கோபு 5:16 அதற்கு ஆதாரம். ஆனாலும் முஸ்லிம் நண்பரின் அதிர்ச்சியில் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. சாட்சி சொல்பவர் தன் கதையை மட்டும் சொல்வதில்லை, அதில் மனைவி, பழைய காதலி, கூட்டாளி எல்லாரும் இழுக்கப்படுகிறார்கள். அவர்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை.

அதே பாவத்தைத் திரும்பத் திரும்பச் செய்யறேன். இதுக்கு அப்புறமும் கேட்கலாமா?

கேட்கலாம். ஓர் அடியான் பாவம் செய்து, இறைவா மன்னித்துவிடு என்கிறான்; பாவத்தை மன்னிக்கவும் அதற்காகத் தண்டிக்கவும் தனக்கு ஓர் இறைவன் உண்டென்று என் அடியான் அறிந்திருக்கிறான், அவனை மன்னித்தேன் என்கிறான் அல்லாஹ். மறுபடி செய்கிறான், மறுபடி கேட்கிறான், அதே பதில். மூன்றாவது முறையும் அப்படியே (புகாரி, முஸ்லிம்). ஏழு முறை மன்னித்தால் போதுமா என்று பேதுரு கேட்டபோது ஏழெழுபது முறை என்றார் இயேசு. மனிதனிடம் அவ்வளவு கேட்பவர் கடவுள் அதைவிடக் குறைவாக மன்னிப்பார் என்று சொல்ல வரவில்லை. ஆனால் நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று திட்டம் போட்டுச் செய்தால், இன்று நீங்கள் கேட்டதில் வருத்தமே இல்லை என்று இரு தரப்பும் சொல்லும்.

மன்னிக்கவே முடியாத பாவம்னு ஒண்ணு உண்டா?

இஸ்லாத்தில் இணைவைத்தல், அதுவும் அதிலிருந்து மீளாமலே இறந்தவருக்கு மட்டும் (4:48). உயிரோடு இருக்கும்போது மீண்டவருக்கு அதுவும் மன்னிக்கப்படும்; நபித்தோழர்களில் பெரும்பாலோர் சிலைகளை வணங்கியிருந்தவர்கள்தானே. இயேசு சொன்னது பரிசுத்த ஆவிக்கு எதிரான தூஷணம் (மாற்கு 3:29). அகுஸ்தீன் காலத்திலிருந்தே அதைக் கடைசிவரை மனந்திரும்ப மறுக்கும் பிடிவாதமாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அந்தப் பாவத்தைச் செய்துவிட்டேனோ என்று பயந்து தூங்காமல் கிடப்பவர் அதைச் செய்யவில்லை என்பது போதகர்கள் வழக்கமாகத் தரும் பதில். நல்ல பதில்.

கடைசி நிமிஷத்துல கேட்டா?

பக்கத்துச் சிலுவையில் தொங்கிய கள்வன் கேட்டான், இன்றைக்கே என்னோடு பரதீசில் இருப்பாய் என்ற பதிலும் பெற்றான் (லூக்கா 23:43). குர்ஆனில் கடலில் மூழ்கும்போது எகிப்து மன்னன் ஃபிர்அவ்ன் விசுவாசம் கொண்டேன் என்றான், இப்போதுதானா என்ற பதிலே வந்தது (10:90-91). உயிர் தொண்டைக்குழிக்கு வரும்வரை தவ்பாவின் வாசல் திறந்திருக்கிறது, மரணம் கண்முன் வந்த பிறகு இல்லை என்பது ஹதீஸ். நூறு பேரைக் கொன்ற ஒருவன் தவ்பா தேடி நல்லவர்கள் வாழும் ஊருக்குப் புறப்பட்டு, வழியிலேயே இறந்துபோன கதையும் புகாரி, முஸ்லிம் தொகுப்புகளில் இருக்கிறது. அவன் எந்த ஊருக்கு அருகில் இறந்தான் என்று வானவர்கள் அளந்து பார்த்தார்கள். போய்ச் சேர நினைத்த ஊருக்கு ஒரு சாண் அருகில் இருந்தான். அருளின் வானவர்கள் அவனை எடுத்துக்கொண்டார்கள்.